பன்னிரண்டு பல்

உறவில் யாருடைய பிள்ளையாவது பி.டி.எஸ். முடித்துவிட்டால் எனக்கு போன் வரும். "தம்பி, பாப்பா படிப்ப முடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில சேர்த்துறதா, இல்ல நாமளே ஒரு கிளினிக் போட்டுக் குடுத்தர்றதா?" நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பல்லோடு எனக்கு இருக்கும் ஒரே தொடர்பு, என் தங்கை பல் டாக்டர் என்பதும், அவள் உடுமலையில் கிளினிக் போட்ட நாளிலிருந்து அதன் கணக்கை ஒரு எக்செல் கோப்பில் நான்தான் வைத்திருக்கிறேன் என்பதும்தான். அவளிடம் கேட்டால் "நேர்ல வாங்க, பேசலாம்" என்பாள். என்னிடம் எண்கள் இருக்கின்றன என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

எண்களைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். வந்தவர்கள் எல்லோரும் காபி ஆறுவதற்குள் "கிளினிக்ல மாசம் எவ்வளவுங்க வருது?" என்று கேட்டார்கள். அப்பா கொஞ்சமும் தயங்காமல், "அம்பத்தெட்டாயிரம் வரைக்கும் வந்திருக்குதுங்க" என்றார். அது பொய் இல்லை. அந்த மாத வசூல் அதுதான். அதில் அவள் கைக்கு வந்தது பத்தாயிரம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கெழுதிய மனிதருக்கு வசூலுக்கும் வருமானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் கல்யாணச் சந்தையில் எல்லோரும் பேசுவது வசூலைத்தான்.

பி.டி.எஸ். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். அவள் 2012இல் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தாள். விடுதியோடு சேர்த்து எங்களுக்குப் பதினாறு லட்சம் ஆனது. முடித்ததும் கோவையில் ஒரு சின்னக் கிளினிக்கில் மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம். அதே ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு வரி உருப்படியாக எழுதத் தெரியாத எனக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். இதைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் மட்டும் ஒருமுறை, "அண்ணா, உங்க ஆபீஸ்ல பல்லு பாக்க ஆள் எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் பல் பிரிவில் சேர்ந்தாள். பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் அங்கே நடந்தது அங்கே மட்டும் நடப்பது இல்லை. அடிப்படைச் சம்பளம் 22,000. அதன்மேல் ஊக்கத்தொகை. அவள் பெயரில் வசூலாகும் பணத்தில் லேப் செலவைக் கழித்து, மீதி ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் நூற்றுக்குப் பதினைந்து. ஒரு ரொம்ப நல்ல மாதத்தில் அவள் பெயரில் 2,10,000 வசூலானது. லேப் 30,000 போக 1,80,000. தாண்டியது 30,000. அதில் பதினைந்து சதவீதம் 4,500. ஆக அந்த மாதச் சம்பளம் 26,500. மற்ற மாதங்களில் வெறும் 22,000தான்.

மற்ற மாதங்களில் ஏன் தாண்டவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல் மருத்துவத்தில் காசு பெரும்பாலும் வேர் சிகிச்சையிலும் அதன்மேல் போடும் கேப்பிலும் வருகிறது. அதிலும் கடைவாய்ப் பல். ஆனால் கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கு அங்கே எம்.டி.எஸ். படித்த நிபுணர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வருவார். வலியோடு ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவரை உட்காரவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, பல்லைத் திறந்து, உள்ளே அழற்சியாகிக் கிடக்கும் நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவது என் தங்கை. வியாழக்கிழமை நிபுணர் வந்து மீதியை முடிப்பார். பில் யார் முடித்தாரோ அவர் பெயரில். ஞானப்பல் எடுப்பது என்றால் அதற்கு வாய் அறுவை நிபுணர். அவளுக்கு மிஞ்சியது பல் சுத்தம் செய்வதும், சின்னச் சின்ன அடைப்புகளும், ஆடுகிற பல்லைப் பிடுங்குவதும். ஆளுக்கு இருபது நிமிடம். அதற்குள் அடுத்தவர் கதவருகே நிற்பார்.

அதை முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கீழ்த்தாடைக்குப் போடும் ஊசி தவறாமல் மரத்துப்போக வைப்பது ஒரு கைப்பழக்கம். ஆயிரம் முறை போட்டால்தான் வரும். அது அவளுக்கு அங்கேதான் வந்தது. ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவரை, நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கிவைத்து நிதானமாக எழுப்பவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். ஆனால் மூன்று வருட முடிவில் அவள் முழுதாக முடித்த கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைகளை எண்ணிவிடலாம் என்ற நிலை. எனவே போன் செய்கிறவர்களிடம் இப்போது நான் சொல்லும் முதல் விஷயம், நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "இங்க மோலார் ரூட் கெனால் யார் பண்றாங்க?" என்று கேளுங்கள் என்பதுதான். "வெளியிலிருந்து டாக்டர் வர்றார்" என்று பதில் வந்தால், அந்த வேலையில் எத்தனை வருடம் இருப்பது என்பதை அன்றைக்கே முடிவு செய்துகொள்ளலாம்.

எம்.டி.எஸ். இன்னும் மூன்று வருடம், நீட் தேர்வு, தனியாரில் என்றால் இன்னும் பல லட்சம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எப்போதாவது அழைக்கும். இடம் கொஞ்சம், கூட்டம் பெரிது. இரண்டையும் அவள் பேசிப் பார்த்து விட்டுவிட்டாள். 2022 தொடக்கத்தில் உடுமலையில் கிளினிக்.

இடம் பார்க்க நானும் போனேன். பேருந்து நிலையம் பக்கம் முதல் மாடியில் குறைந்த வாடகைக்கு நல்ல இடம் கிடைத்தது. வேண்டாம் என்றாள். பல் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி இருக்கும் என்றாள். தரைத்தளத்தில் 9,000 வாடகைக்கு ஒரு கடை. நாற்காலிக்குத் தண்ணீர் வரும் குழாய், எச்சில் போகும் குழாய், கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாய், மின்சாரம் எல்லாம் தரைக்கு அடியில் வர வேண்டும். எனவே ஓடு பதிப்பதற்கு முன்பே நாற்காலி எங்கே, தலை எந்தப் பக்கம் என்று முடிவாக வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, அதில் என்னைப் படுக்கச் சொல்லி, சுற்றி வந்து பார்த்தாள். பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாற்காலி, கம்ப்ரசர், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, கைக்கருவிகள், உள்வேலை, முன்பணம் எல்லாம் சேர்த்து 9,60,000. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், மருத்துவ நிறுவனங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு என்று அலைச்சல் தனி. ஆறு லட்சம் வங்கிக் கடன், ஐந்து வருடத் தவணை. மீதி 3,60,000 அவள் கல்யாணத்துக்கென்று அம்மா சீட்டுப் போட்டு எடுத்து வைத்திருந்தது. "எப்படியும் அவளுக்குத்தானே" என்று அம்மா சொன்னாள். ஆனால் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுக்க ஒரு வாரம் ஆனது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வாடகை 9,000. உதவிக்கு இருக்கும் அக்காவுக்கு 8,000. மின்சாரம் 3,000. கழிவு எடுப்பவர்களுக்கு 1,200. கடன் தவணை 13,000. தண்ணீர், போன், சில்லறை 1,800. மொத்தம் 36,000. ஒருவர்கூட வராவிட்டாலும் மாதம் பிறந்தால் இந்தப் பணம் போயாக வேண்டும்.

வரவை ஒரு பல்லை வைத்துப் பார்க்கலாம். உடுமலையில் அவள் வேர் சிகிச்சைக்கு 3,500 வாங்கினாள், பீங்கான் பூசிய உலோகக் கேப்புக்கு 3,000. முழுதாக முடிந்த ஒரு பல்லுக்கு 6,500. கேப் செய்து தரும் லேபுக்கு 800. மருந்து, ஊசி, வேருக்குள் விடும் ஃபைல்கள், கையுறை என்று 500. மிஞ்சுவது 5,200. அப்படியானால் ஏழு பல் முடிந்தால் மாதச் செலவு கட்டும். இன்னும் ஐந்து பல் முடிந்தால் மருத்துவமனையில் ஒரு நல்ல மாதத்தில் வாங்கிய 26,500 கிட்டத்தட்ட வந்துவிடும். மாதம் பன்னிரண்டு பல். சுத்தம் செய்வது, பிடுங்குவது, அடைப்பது எல்லாம் மேல்வரும்படி. இந்தக் கணக்கை அவளிடம் காட்டியபோது, "பன்னெண்டுதானா!" என்று சிரித்தாள். வேலைநாள் இருபத்தாறு. இரண்டு நாளைக்கு ஒன்றுகூட வேண்டாம்.

முதல் மாதம் ஆறு பல்லில் வேர் சிகிச்சை தொடங்கினாள். ஒன்று முடிந்தது. வசூல் 24,000, மருந்தும் லேபும் 5,000, துண்டு விழுந்தது 17,000. அப்பா கொடுத்தார். ஆள் வராததுதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைத்தோம். அறிமுக நோட்டீஸ் அடித்துச் செய்தித்தாளோடு வைத்துக் கொடுக்கலாம் என்றார் மாமா. ஆறாவது மாதம் ஆட்கள் வந்தார்கள். பதினான்கு பல் தொடங்கியது. வசூல் 58,000, அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன அந்தத் தொகை. ஆனால் கைக்கு வந்தது பத்தாயிரம்தான்.

எனக்கு அது புரியவில்லை. நோயாளிகள் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள், ஆனால் ஒரு வரி மட்டும் அசையாமல் இருந்தது. லேப் பில். பதினான்கு பல் தொடங்கிய மாதத்தில் லேப் பில் 4,000. அதாவது ஐந்து கேப். கேப் என்பது கடைசிப் படி. அது வரவில்லை என்றால் வழியில் எங்கோ ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள்.

எங்கே இறங்குகிறார்கள் என்று தங்கைக்கு முன்பே தெரியும். வலியோடு வருகிறவருக்கு முதல் நாளே பல்லைத் திறந்து நரம்பை எடுத்ததும் வலி போய்விடுகிறது. ஐந்து நாள் தூங்காதவர் அன்றைக்கு ராத்திரி தூங்குகிறார். "சரியாயிருச்சுங்க" என்று நினைக்கிறார். வாங்கிய பணம் முதல் தவணை ஐந்நூறோ ஆயிரமோ. இரண்டாம் முறை வரச் சொன்ன செவ்வாய்க்கிழமை அவருக்கு வெங்காயம் அறுப்பு, அல்லது மில்லில் ஷிஃப்ட் மாற்றம். தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். அது கரைந்து எச்சில் உள்ளே போகும், கிருமி வேருக்குள் இறங்கும். ஐந்தாறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி, அல்லது உள்ளே குடைந்த பல் முறுக்குக் கடித்து இரண்டாகப் பிளந்து வருவார். "உங்ககிட்ட செஞ்ச பல்லுதானுங்க ஒடஞ்சிருச்சு." வரும்போது பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வருவார். வேர் சிகிச்சை முடிந்து, கேப்புக்கு மட்டும் "தீபாவளி போனஸ் வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறவரும் இதே வழியில்தான் போவார். கடைவாய்ப் பல் கடிக்கும் பல். கேப் போடாமல் விட்டால் பிளவு எப்போது வேண்டுமானாலும் வரும்.

மருத்துவமனையில் இந்த இழப்பு அவள் கண்ணில் பட்டதே இல்லை. பாதியில் போகிறவர்களை வரவேற்பில் இருப்பவர்கள் கூப்பிட்டார்கள், அல்லது விட்டார்கள். அவளுக்கு 22,000 வந்துவிடும். காலி நாற்காலிக்கும் பாதிப் பல்லுக்கும் நஷ்டத்தை வேறு யாரோ ஏற்றுக்கொண்டார்கள். சம்பளம் குறைவாக இருந்ததில் ஒரு பங்கு அதற்கான விலை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முழுப் பங்கும் என்று சொல்ல மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி நேரத்தைக் கணக்கெடுத்தோம். காலை பத்திலிருந்து ஒன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது, ஆக ஏழு மணி நேரம். ஆறாவது மாதத்திலும் நாற்காலியில் ஆள் இருந்தது சராசரியாக மூன்று மணி நேரம். மீதி நேரம் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலில் இப்படி ஒரு சர்வர் சும்மா கிடந்தால் அணைத்து வைப்போம். இங்கே அணைக்க முடியாது, வாடகை ஓடும். நான் இதைப் புலம்பலாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வேறு ஒன்றை யோசித்திருக்கிறாள். "அண்ணா, எனக்கு டைம் இருக்குது. ஆஸ்பத்திரில அது இல்ல. நான் ஏன் மூணு தடவ வரச் சொல்றேன்?"

வேர் சிகிச்சையை மூன்று முறையாகப் பிரிப்பது பழக்கம். முதல் முறை திறப்பது, இரண்டாம் முறை வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அகலப்படுத்துவது, மூன்றாம் முறை நிரப்புவது. பல்லுக்குள் நரம்பு இன்னும் உயிரோடு இருந்து, வீக்கமோ சீழோ இல்லாவிட்டால், மூன்றையும் ஒரே அமர்வில் முடிப்பது ஏற்கப்பட்ட முறைதான். அதற்கு ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு ஆள் என்று ஓடும் இடத்தில் ஒரு இளம் டாக்டருக்கு அதைத் தர மாட்டார்கள். காலி நாற்காலி வைத்திருக்கிறவளிடம் தாராளமாக இருந்தது.

நேரம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைலைச் சுழற்றும் மோட்டாரும், வேரின் நுனி எங்கே முடிகிறது என்று காட்டும் கருவியும் வாங்கினாள். பிடுங்கிய பற்களை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, ஆள் இல்லாத பிற்பகல்களில் அவற்றைத் திறந்து பழகினாள். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நான்காவதாக ஒரு சன்னமான குழாய் இருக்கும். மூன்றோடு நிறுத்தினால் அதற்குள் கிருமி மிஞ்சி, எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாகத் தெரிந்தும், கடித்தால் வலிக்கிறது என்று ஆள் திரும்பி வருவார். அப்படி வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் திரும்பச் செய்தாள். மருத்துவமனையில் நிபுணருக்குப் போன வேலையை அவள் இப்படித்தான் தாமதமாகக் கற்றாள். வளைந்த வேர், முன்பு எங்கோ செய்து தோற்ற பல் எல்லாவற்றுக்கும் இப்போதும் மாதம் இரண்டு ஞாயிறு ஒரு நிபுணர் வருகிறார். அந்தப் பல்லில் பாதி அவருக்கு.

பணம் கேட்கும் விதமும் மாறியது. முன்பு "ரூட் கெனால் மூவாயிரத்து ஐந்நூறு" என்று சொல்லிவிட்டு, முடியும் நேரத்தில் "கேப் போடணுங்க, மூவாயிரம்" என்பாள். ஆளுக்கு ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். இப்போது முதல் நாளே எக்ஸ்ரேயைக் காட்டி, "இந்தப் பல்லக் காப்பாத்த ஆறாயிரத்து ஐந்நூறுங்க. இல்லீன்னா எடுத்துறலாம், அதுக்கு ஐந்நூறு" என்று இரண்டையும் சொல்கிறாள். சிலர் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அது அவர்கள் முடிவு. சம்மதிப்பவர்களிடம் முதல் அமர்வில் நான்காயிரம், கேப் அன்று மீதி. மறுநாள் காலை உதவிக்கு இருக்கும் அக்கா, "வலி இருக்குதுங்களா?" என்று போன் செய்து, கேப் அளவெடுக்கும் நாளை அந்த அழைப்பிலேயே குறித்துக்கொள்கிறார். கிளினிக்கில் நடந்த மாற்றங்களில் அதிகப் பலன் கொடுத்தது இந்த இரண்டு நிமிடப் போன்தான் என்பது என் கணிப்பு. தங்கை மோட்டார் என்பாள்.

சீழ் வைத்த பல்லுக்கு இன்றும் இரண்டு மூன்று முறை வந்தாக வேண்டும், அவர்களில் சிலர் இன்றும் வராமல்தான் போகிறார்கள். வாயை ஒரு மணி நேரம் திறந்து வைத்திருக்க முடியாத பெரியவர்களும் உண்டு. ஆனாலும் பதினான்காவது மாதம் முடிந்த பல் பன்னிரண்டைத் தொட்டது. அந்த மாதம்தான் அவள் முதன்முறையாக மருத்துவமனையின் நல்ல மாதத்தைவிட அதிகமாக எடுத்தாள். அதற்குள் துண்டு விழுந்த மாதங்களுக்கு அப்பா கொடுத்தது மொத்தம் எழுபத்தைந்தாயிரம். போன் செய்கிறவர்களிடம் நான் சொல்லும் இரண்டாவது விஷயம் இது. கிளினிக் போட ஒன்பதரை லட்சம் இருக்கிறது என்றால், போடுவதற்குப் பணம் இருக்கிறது, நடத்துவதற்கு இன்னும் இல்லை. ஆறு மாதச் செலவாவது தனியாக இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் காலையில் ஒரு மருத்துவமனையிலோ கல்லூரியிலோ வேலை, மாலை மட்டும் கிளினிக் என்று இரண்டு வருடம் ஓட்டுகிறார்கள். அவளோடு படித்தவர்களில் பலர் அப்படித்தான். களைப்பாகத்தான் இருக்கும். ஆனால் தவணைக்காகப் பயந்து, பிடுங்க வேண்டிய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் நிலை வராது.

சென்ற வருடம் இரண்டாவது நாற்காலி போட்டாள். அதற்கு ஒரு டாக்டர் வேண்டும். படிப்பு முடித்த ஒரு பெண் பழநியிலிருந்து கேட்டு வந்தது. எவ்வளவு கொடுக்கலாம் என்று தங்கை என்னிடம் கோப்பைத் திறக்கச் சொன்னாள். புது நாற்காலியின் தவணை, இன்னொரு உதவியாள், அந்த நாற்காலி முதல் ஆறு மாதம் எவ்வளவு காலியாக இருக்கும் என்பது எல்லாம் போட்டுப் பார்த்தால் பதினாலாயிரத்துக்கு மேல் எங்கிருந்தும் வரவில்லை. போனில் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. "இதக் குடுத்துத்தான் என்னையும் வெச்சிருந்தாங்க" என்றாள்.

கடைசியில் பதினைந்தாயிரம் என்று முடிவானது. மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நான்காவது மாதத்திலிருந்து அந்தப் பெண் திறக்கும் பல்லை அந்தப் பெண்ணே முடிக்கலாம், லேபும் மருந்தும் போக மிஞ்சுவதில் நூற்றுக்கு முப்பது, வரம்பு எதுவும் கிடையாது. அந்தப் பெண் யோசித்துச் சொல்வதாகப் போனாள். மறுநாள் போன் செய்து சம்பளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மேல் கடைவாய்ப் பல்லும் உண்டா என்று மட்டும் கேட்டாளாம். பிடுங்கிய பற்கள் இருந்த டப்பாவைத் தங்கை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.